வாரண்டி அட்டை முழுக்கத் தடித்த எழுத்து: பேட்டரி வாரண்டி மறுப்பு பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஐந்து மாதத்துக்கு முன் வாங்கிய உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியில் இப்போது சார்ஜ் நிற்கவில்லை. திருமங்கலத்திலிருந்து மதுரை சர்வீஸ் சென்டருக்கு நான்கு தடவை அலைந்துவிட்டேன். நான்காவது தடவை, பெரியாரில் இறங்கி வேகாத வெயிலில் வந்து நின்றவனிடம், கவுண்டரில் இருந்த தம்பி அட்டையைத் தூக்கிக் காட்டி, "பதினஞ்சு நாளைக்குள்ள பதிவு செய்யணும்னு போல்டுலதானே சார் போட்டிருக்கோம், கண்ணு தெரியாதா?" என்று கேட்டார்.

தெரியும் ஐயா. முப்பது வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்த கண் இது.

அட்டையின் பின்பக்கம் மொத்தம் 21 வரி. அதில் 18 வரி தடித்த எழுத்து. எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி என்பதும் தடிப்பு, உங்கள் அலுவலக முகவரியும் தடிப்பு. பதிவு பற்றிய வரி பதின்மூன்றாவது. எல்லாமே கருப்பாக இருந்தால் கண் எங்கே நிற்கும்? மேலோட்டமாகப் பார்க்கிறவனுக்குத் தடிக்காத மூன்று வரிதான் தனியாகத் தெரிகிறது. அதில் ஒன்று அச்சிட்டவரின் பெயர்!

தமிழில் இது இன்னும் மோசம். பொடி எழுத்தைத் தடிக்கவைத்தால் 'ண'வின் சுழிகள் மை அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்ளும். அது போதாதென்று அடிக்கோடு வேறு. 'பதிவு' என்ற சொல்லில் 'வு'வின் கீழிறங்கும் கால் அந்தக் கோட்டிலேயே கரைந்துபோயிருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்தத் தம்பி கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது. பேரன் பரீட்சைக்குப் படிக்க விளக்கில்லை. என் வீட்டு நிம்மதியே போய்விட்டது.

சரி, எப்படிப் போட்டிருக்க வேண்டும்? அட்டையில் தடித்த சொற்களை மட்டும் தொடர்ந்து வாசித்தாலே வாங்கியவன் செய்யவேண்டியது விளங்க வேண்டும். வாக்கியம் முழுவதையும் தடிக்கவைக்கத் தேவையில்லை, தவறவிட்டால் காசு போகும் சொல் மட்டும் போதும். இப்படி:

பில் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். தவறினால் வாரண்டி கிடையாது. பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.

இதில் '15 நாட்களுக்குள் பதிவு', 'டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்' என்ற இரண்டு இடத்தை மட்டும் தடிக்கவைத்தால் அட்டைக்குப் போதும். மற்றதெல்லாம் சாதாரண எழுத்தில் இருக்கட்டும். அப்புறம் பதிவு வரியை முதல் வரியாக ஏற்றுங்கள். பேட்டரி செய்யத் தெரிந்த உங்களுக்கு இதுவா தெரியாது?

தயவுசெய்து பத்து நாளில் பேட்டரியை மாற்றித் தாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இந்த அட்டையையே சாட்சியாக வைப்பேன். நீதிபதியிடம் ஒரு கையெட்டுத் தூரத்தில் பிடித்துக் காட்டி, பதிவு வரி எங்கே என்று தேடச் சொல்வேன்.

இப்படிக்கு,
திருமங்கலம் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், வாரண்டி அட்டை நகல் (அசலைத் தர மாட்டேன்)