பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு: வரலாற்றுக் கேள்விகளைப் பிள்ளைகளே எழுதட்டும்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

போன வாரம் சமூக அறிவியல் விடைத்தாள்களை நானும் உட்கார்ந்து திருத்தினேன். ஒரு தாள் மனதிலேயே நிற்கிறது. மருது சகோதரர்கள் கம்பெனியை எதிர்த்து நடத்திய 1801 கிளர்ச்சி முந்தைய பாளையக்காரர் போராட்டங்களிலிருந்து எப்படி வேறுபட்டது என்பது கேள்வி, ஐந்து மதிப்பெண். அந்தப் பிள்ளை அழகான கையெழுத்தில், கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார், மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தது. எல்லாத் தேதியும் சரி, ஒன்றுகூடக் கேட்டதற்குப் பதில் இல்லை. திருப்பத்தூர் நமக்குப் பக்கத்து ஊர், வழியில் பார்த்து வளர்ந்த பிள்ளைதான். கைடில் இருக்கிற கேள்விகள் தேதியையும் பெயரையும் கேட்டே பழக்கியதால், பாடம் என்ன வாதிடுகிறது என்று பார்க்கும் பழக்கமே வரவில்லை.

அதனால் காலாண்டுத் தேர்வுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாடத்துக்குத் தானே கேள்வியும் விடைக்குறிப்பும் எழுத வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும், வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் வேலை, கேள்வியை யோசிக்காமல் பாடத்தைப் பத்தி பத்தியாகப் படித்து, ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வாக்கியம் எழுதுவது. அதில் 'ஏனென்றால்', 'அதனால்', 'ஆனால்' என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். 'மருது சகோதரர்களின் திருச்சிராப்பள்ளிப் பிரகடனம் 1801 ஜூனில் வெளியானது' என்பது தகவல். 'பிரகடனம் எல்லாச் சாதி, சமய மக்களையும் அழைத்தது, அதனால் இது ஒரு பாளையத்தின் வரித் தகராறாக நிற்கவில்லை' என்பது வாதம். இப்படிச் சலித்தால் ஒரு முழுப் பாடத்துக்கும் நான்கைந்து வாக்கியம்தான் மிஞ்சும். பதினைந்து மிஞ்சினால் பிள்ளை தகவலையும் சேர்த்து எழுதியிருக்கிறது என்று அர்த்தம், திரும்பச் சலிக்கச் சொல்லுங்கள்.

சரி, இந்த ஒரு வாதத்தையே எடுத்துக்கொள்வோம். தேர்வில் வருகிற மாதிரி இதிலிருந்து ஒரு மதிப்பெண் கேள்வி, ஐந்து மதிப்பெண் கேள்வி இரண்டும் எடுக்கலாம்.

ஒரு மதிப்பெண்: திருச்சிராப்பள்ளிப் பிரகடனம் யாரை நோக்கி எழுதப்பட்டது? அ) பாளையக்காரர்களை மட்டும் ஆ) ஆற்காட்டு நவாபை இ) எல்லா மக்களையும் ஈ) கம்பெனிச் சிப்பாய்களை மட்டும். விடை இ. இதில் உழைப்பெல்லாம் தப்பான மூன்று விடைகளில்தான். பிரகடனத்தில் நவாபைக் குறை சொல்லியிருப்பதால் அரைகுறையாகப் படித்தவர் ஆ என்று போடுவார். அடுத்து வருகிற 1806 வேலூர்ப் புரட்சியோடு குழப்பிக்கொண்டவர் ஈ போடுவார். கிளர்ச்சி என்றாலே பாளையக்காரர் விவகாரம் என்று நினைப்பவருக்கு அ. இப்படி ஒவ்வொரு தப்புக்கும் பின்னால் ஒரு தவறான புரிதல் இருந்தால்தான் பிள்ளை எங்கே சறுக்கியது என்று உங்களுக்குத் தெரியும். சும்மா இடம் நிரப்ப அக்பர், அசோகர் என்று போட்டால் யாரும் அதைத் தொடப்போவதில்லை. இன்னொன்று, சரியான விடை மட்டும் நீளமாக இருக்கக் கூடாது. பிள்ளைகள் எழுதுகிற பத்தில் ஆறு கேள்வியில் இது நடக்கிறது, ஏனென்றால் அதை மட்டும் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. பாடமே படிக்காத ஒருவரிடம், அப்பத்தாவிடமோ தம்பியிடமோ, கேள்வியை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் தொடர்ந்து சரியாகச் சொன்னால் கேள்வியே விடையைக் காட்டிக்கொடுக்கிறது.

ஐந்து மதிப்பெண்ணுக்கு நான் மேலே சொன்ன அதே கேள்விதான். இதற்கு விடைக்குறிப்பு என்றால் முழு விடையை எழுதி வைப்பது இல்லை, எதற்கு எவ்வளவு என்று பிரிப்பது. முந்தைய போராட்டம் ஒன்று எதைப் பற்றியது என்று சொன்னால் ஒரு மதிப்பெண். கட்டபொம்மனுக்கும் கலெக்டர் ஜாக்சனுக்கும் இடையில் வரி பாக்கித் தகராறு என்று எழுதினால் போதும். 1801 கூட்டணியில் இருந்தவர்களில் மருது சகோதரர்களைத் தவிர இருவரைச் சொன்னால் இரண்டு மதிப்பெண். திண்டுக்கல் கோபால நாயக்கர், மலபார் கேரள வர்மா, மைசூர் கிருஷ்ணப்ப நாயக்கர், துந்தாஜி, யாராக இருந்தாலும் சரி. பிரகடனத்தைக் குறிப்பிட்டால் ஒன்று, அது எல்லா மக்களையும் அழைத்தது என்று சொன்னால் இன்னொன்று. ஆக ஐந்து.

இதோடு குறிப்பு முடியவில்லை, கீழே இரண்டு வரி வேண்டும். ஏற்கலாம்: பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டப்பட்டது, அதாவது ஊரே படிக்கட்டும் என்று வைத்தார்கள் என எழுதினால் கடைசி மதிப்பெண் உண்டு, வார்த்தை வேறாக இருந்தாலும் கருத்து அதுதான். ஏற்கக் கூடாது: 'அதற்கு முன் எல்லோரும் தனித்தனியாகப் போராடினார்கள்.' இதைப் பாதிப் பிள்ளைகள் எழுதுவார்கள், கேட்கவும் நன்றாக இருக்கும், ஆனால் தப்பு. புலித்தேவர் மேற்குப் பாளையங்களைச் சேர்த்து ஓர் அணி அமைத்தவர். கட்டபொம்மனும் கூட்டணியில் சேர முயன்றவர். கூட்டணி முன்பும் இருந்தது, 1801இல் அது எவ்வளவு தூரம் பரவியது, யாரையெல்லாம் அழைத்தது என்பதில்தான் வேறுபாடு. இந்த ஒரு வரியை எழுதுவதற்காகப் பிள்ளை புத்தகத்தை நாலு பக்கம் பின்னால் திருப்பியிருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அந்தத் திருப்பல்தான். தூக்கிலிடப்பட்ட தேதிகள் எழுதினால் குறைக்க வேண்டாம், மதிப்பெண்ணும் இல்லை.

விடைக்குறிப்பைக் கேள்வி எழுதிய அன்றே, புத்தகம் திறந்திருக்கும்போதே எழுதிவிடச் சொல்லுங்கள், பக்க எண்ணோடு. மறுநாள் எழுதினால் ஞாபகத்திலிருந்து எழுதுவார்கள், அதில் பிழை நுழையும், அப்புறம் அந்தப் பிழையையே மனப்பாடம் செய்வார்கள். சொந்தக் கேள்விக்குப் புத்தகத்தை மூடி விடை எழுதுவதை இரண்டு மூன்று நாள் தள்ளிச் செய்யட்டும். உடனே எழுதினால் குறிப்பு கண்ணிலேயே நிற்கும். எழுதியதைத் திருத்துவது நீங்களாக இருந்தால் இன்னும் நல்லது. குறிப்பை வைத்துக்கொண்டு உங்களால் மதிப்பெண் போட முடியவில்லை, 'இதுக்கு ஒண்ணா ரெண்டா' என்று தயங்குகிறீர்கள் என்றால் குறிப்பில்தான் குறை, அதைப் பிள்ளையிடம் சொல்லித் திருத்த வையுங்கள்.

நம் பக்கத்தில் மருது சகோதரர்களைப் பற்றி வீட்டுக்கு வீடு கதை உண்டு. காளையார்கோவில் பற்றி ஆயா சொல்லும் கதையைப் பிள்ளைகள் விடையில் சேர்க்க ஆசைப்படுவார்கள். அதை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், எனக்கும் படிக்க ஆசை. விடைக்குறிப்பில் மட்டும் பக்க எண் காட்ட முடிகிறதுதான் வர வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் அப்பாமார் கேள்விகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, போனிலேயே கேட்கலாம். பாடம் படிக்காத ஆளாக அவர்கள் இருப்பது இதற்கு வசதி.

ஒரு பாடத்துக்கு ஒரு மதிப்பெண் நான்கு, ஐந்து மதிப்பெண் இரண்டு, அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை நோட்டைக் கொடுத்தனுப்புங்கள். குறிப்பில் 'ஏற்கக் கூடாது' வரி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்