துணைப்பாட நிலையங்களை நடத்துவோருக்கு: சேர்க்கைச் சுவரொட்டியின் வாசகம் குறித்து ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் துணைப்பாட நிலையங்களை நடத்தும் பெரியோர்களுக்கு வணக்கம்.

2027ஆம் ஆண்டு மாணவர் சேர்க்கைக்கு நீங்கள் அனுப்பும் வாசகங்களைச் சுவரொட்டியாக வடிவமைத்துத் தருவது என் தொழில். தாளின் நிறமும் படமும் உங்கள் விருப்பம்; வாசகத்தைப் பற்றி மட்டும் சில வேண்டுகோள்களை முன்வைக்க விரும்புகிறேன்.

பெரும்பாலும் என் கைக்கு வரும் வாசகம் இப்படி இருக்கும்: “தொடக்கநிலை 1 முதல் உயர்நிலை 4 வரை. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல். வார நாள்களிலும் வார இறுதியிலும் வகுப்புகள் உண்டு. இன்றே அழையுங்கள்!” இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால், தொடக்கநிலை 5இல் அடிப்படைத் தமிழ் படிக்கும் மகனுக்கு வகுப்புத் தேடும் ஒரு தாய், மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதைப் படித்தால் அவருக்குத் தேவையான எதுவும் கிடைக்காது. அந்த வகுப்பில் தமிழ், அடிப்படைத் தமிழ், உயர்தமிழ் என்ற மூன்று தரங்கள் இருக்க, எது உங்களிடம் உண்டு, எந்தக் கிழமை, மகனின் இணைப்பாட நடவடிக்கை முடிந்து வந்து சேர முடியுமா என்பவையே அவருடைய கேள்விகள். அவற்றைக் கேட்க அவர் அழைக்க வேண்டியிருக்கிறது, பலர் அழைப்பதில்லை.

எனவே பாடப் பட்டியலையும் நேரப் பட்டியலையும் தனித்தனிக் கட்டங்களில் போடாமல், ஒரு வகுப்புக்கு ஒரு வரி என்று எழுதித் தாருங்கள். அந்தத் தாய்க்கு வேண்டியது இவ்வளவே:

தொடக்கநிலை 5, தமிழ்: செவ்வாய், மாலை 4.30 – 6.00
தொடக்கநிலை 5, அடிப்படைத் தமிழ்: வியாழன், மாலை 4.30 – 6.00
தொடக்கநிலை 5, உயர்தமிழ்: சனி, காலை 9.00 – 11.00

இடம் போதாது என்று சிலர் சொல்வார்கள். “அனுபவமிக்க ஆசிரியர்கள்”, “தனிக் கவனம்”, “சிறந்த தேர்ச்சி” ஆகியவற்றை எடுத்துவிட்டால் ஏ3 தாளில் பதினைந்து வரிகள் தாராளமாக அடங்கும். (அந்த மூன்று சொற்றொடர்களும் இல்லாத சுவரொட்டியை நான் இன்னும் அச்சிட்டதில்லை.) மார்ச், ஜூன், செப்டம்பர் பள்ளி விடுமுறைகளில் வகுப்பு நடக்குமா என்பதையும் பட்டியலின் அடியில் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள், கட்டணம் பற்றிய சச்சரவுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

உயர்நிலை வகுப்புகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் நீங்கி, பாடந்தோறும் ஜி1, ஜி2, ஜி3 என்ற தரங்கள் வந்துவிட்டன. அதே மாணவர்கள் 2027இல் உயர்நிலை 4இல் எழுதப்போவது, சாதாரணநிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக வரும் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு. பழைய கோப்பில் ஆண்டை மட்டும் மாற்றி அனுப்பினால், “விரைவுநிலைக் கணிதம்” என்ற வரி யாருக்கும் பொருந்தாமல் நிற்கும். ஒரே மாணவர் கணிதத்தை ஜி3 தரத்திலும் அறிவியலை ஜி2 தரத்திலும் படிக்கலாம் என்பதால், வகுப்பின் பெயருடன் அல்லாமல் பாடத்தின் பெயருடன் தரத்தைச் சேர்த்தெழுதுங்கள்.

தொடர்பு விவரம் அடுத்தது. மூன்று கைப்பேசி எண்கள், மின்னஞ்சல், இரண்டு சமூக ஊடகப் பெயர்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் எதைப் பிடிப்பது என்று தெரியாது. ஓர் எண் போதும். அதன்கீழ் யாரிடம் பேசலாம், எந்த நேரத்தில் அழைக்கலாம், வாட்ஸ்அப்பில் எழுதலாமா என்பவை இருக்கட்டும். எட்டு இலக்கங்களையும் நான்கு நான்காகப் பிரித்து, ஏ3 தாளில் குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் வைப்பது என் வழக்கம். முகவரியில் புளோக் எண், தெரு, மாடியும் கதவும் சேர்ந்த எண், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு ஆகிய நான்கும் வேண்டும்; “எம்ஆர்டி அருகில்” என்பது முகவரியாகாது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களுக்குக் கற்பிக்கும் நிலையம் கல்வி அமைச்சில் பதிவு பெற வேண்டும் என்பதை அறிவீர்கள். பதிவு செய்திருந்தால் அதை இங்கே ஒரு வரியில் குறிப்பிடலாம். ஆனால் பதிவு, உங்கள் கற்பித்தலுக்கு அமைச்சு தந்த நற்சான்று என்று தோன்றும்படி எழுத வேண்டாம்.

தடித்த எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறிய அளவில் தடிமனாக அச்சிட்டால் புள்ளிகள் எழுத்தோடு ஒட்டிக்கொள்கின்றன, ‘னி’யும் ‘னீ’யும் ஒன்றுபோல் தெரிகின்றன. தமிழ் கற்பிக்கும் நிலையத்தின் சுவரொட்டியில் இது அழகன்று. தலைப்புக்கு மட்டும் தடித்த எழுத்து போதும்.

மாதிரிப் படியை நான் அனுப்பியதும், அதிலுள்ள எண்ணைப் பார்த்து வேறொரு தொலைபேசியிலிருந்து அழைத்துப் பாருங்கள். கிழமைகளையும் நேரங்களையும் வகுப்பெடுக்கும் ஆசிரியரிடமே காட்டி ஒப்புதல் பெறுங்கள். அதன்பின் அச்சுக்கு அனுப்பலாம்.

இப்படிக்கு,
அச்சக வடிவமைப்பாளர் ஒருவர்,
சிங்கப்பூர்