பதினோராம் பாட்டை ஏன் தாண்டிப் போகிறீர்கள்?

குழந்தைகளுக்கு ஒப்புவித்தல் போட்டி நடத்தும் தமிழ் மன்றத்தாருக்கும் தமிழாசிரியர்களுக்கும்

வணக்கம்.

உலகநாதர் பாடிய உலகநீதியில் மொத்தமே பதின்மூன்று பாட்டுகள்தான். போட்டி என்றால் 'ஓதாமல் ஒருநாளும் இருக்க வேண்டாம்' என்று தொடங்கி முதல் மூன்று, மிஞ்சினால் ஐந்து பாட்டுகளோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். எங்கள் ஊரில் முழு நூலையும் கொடுத்த ஒரு வருடம்கூட, பிள்ளைகள் கையில் வந்த தாளில் பத்துக்கு அடுத்ததாகப் பன்னிரண்டு இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்தேன். கேட்டதற்கு, "அது வேண்டாம் சார், சாதிப் பேரெல்லாம் வருது" என்றார்கள்.

தாளில் விடுபட்டது இதுதான்:

அஞ்சுபேர் கூலியைக் கைக்கொள்ள வேண்டாம்
அதுஏதிங் கென்னின்நீ சொல்லக் கேளாய்
தஞ்சமுடன் வண்ணான் நாவிதன்றன் கூலி
சகலகலை ஓதுவித்த வாத்தியார் கூலி
வஞ்சமற நஞ்சறுத்த மருத்துவிச்சி கூலி
மகாநோவு தனைத்தீர்த்த மருத்துவன்றன் கூலி
இன்சொல்லுடன் இவர்கூலி கொடாத பேரை
ஏதேது செய்வானோ ஏமன் றானே.

மேலோட்டமாகப் பார்த்தால் 'கூலியை ஒழுங்காகக் கொடு', அவ்வளவுதான். ஆனால் இந்த நூலை வரிசையாக வாய்விட்டுப் படித்து வருபவருக்கு இந்த இடத்தில் கால் இடறும். முதல் பாட்டில் மட்டும் ஆறு 'வேண்டாம்'. கடைசிப் பாட்டைத் தவிர மற்றவையும் அப்படித்தான், அடிக்கொரு அறிவுரையாக அடுக்கிக்கொண்டே போகும். பதினொன்றிலோ ஒரே ஒரு 'வேண்டாம்'. மிச்சம் ஏழு அடியும் அந்த ஒன்றுக்கே செலவாகின்றன. இன்னொன்று, பத்துப் பாட்டு வரை ஒவ்வொன்றும் வள்ளி பங்கனாகிய முருகனிடம்தான் போய் முடியும். பெரும்பாலும் 'மயிலேறும் பெருமாளை வாழ்த்தாய் நெஞ்சே' என்று. பன்னிரண்டிலும் அவன் திரும்பி வந்துவிடுகிறான். இதில் மட்டும் முருகன் இல்லை, எமன் நிற்கிறான். பொய், புறங்கூறல், கலகமூட்டல் எல்லாவற்றையும் முருகன் பேரைச் சொல்லிக் கடந்துபோன புலவர், கூலியைப் பிடித்துவைத்தவனை எமனிடம் ஒப்படைக்கிறார்.

ஏன் இந்த ஐந்து பேர்? ஊரில் தச்சன் இருந்தான், கொல்லன் இருந்தான், குயவன் இருந்தான். அவர்கள் பட்டியலில் இல்லை. எனக்குத் தோன்றும் காரணம் இது. தச்சன் செய்த ஏர் கண்ணெதிரே கிடக்கும். கூலி வராவிட்டால் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். குயவனிடம் பானை இருக்கும். மருத்துவிச்சியிடம் என்ன இருக்கிறது? பிரசவ வலி எடுத்த இரவில் அந்த வீடு அவளுக்கு எதை வேண்டுமானாலும் தருவதாகச் சொல்லும். பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடி அறுத்து, தாயும் சேயும் கண்ணயர்ந்த பிறகு, அவள் வாசலில் வந்து நிற்கும்போது வீட்டுக்காரருக்கு வேறு வேலை வந்துவிடும். நோய் தீர்ந்த பிறகு வைத்தியன் நிலைமையும் அதுதான். மழித்த தாடியைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. கற்பித்த எழுத்தை மாணவன் தலையிலிருந்து பிடுங்கிக்கொள்ளவும் முடியாது. தேவை முடிந்த பிறகே கூலிக்கான நேரம் வருகிறது. அப்போது கேட்பவர் கையில் பிடிமானம் ஏதும் இல்லை. வண்ணானிடம் துணி இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். ஊர்ப் பெரிய வீட்டுத் துணியை அவன் தரமாட்டேன் என்று வைத்துக்கொண்டால் என்ன நடந்திருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் நாவிதனுக்கும் அன்றன்றைக்குக் காசு கிடையாது. வருடம் முழுக்க உழைத்துவிட்டு, அறுவடையின்போது களத்தில் அளந்து போடும் நெல்லுக்குக் காத்திருக்க வேண்டும். மரக்காலைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் ஒரு வருட உழைப்பில் ஒரு பங்கு காணாமல் போகும்.

அதனால்தான் 'கூலியைக் கொடு' என்று தொடங்காமல், 'கைக்கொள்ள வேண்டாம்' என்று தொடங்குகிறார் என்று நினைக்கிறேன். வேலை முடிந்த நிமிடமே அந்த நெல் உழைத்தவனுடையது. உன் குதிரில் இருந்தாலும் அது உனக்குச் சொந்தமில்லை. கொடுக்காதவன் கஞ்சன் இல்லை, அடுத்தவன் பொருளை வைத்திருப்பவன்.

'இன்சொல்லுடன்' என்பதையும் பிள்ளைகள் வேகத்தில் விழுங்கிவிடுகிறார்கள். கூலி கொடுத்தால் மட்டும் போதாது. முகம் சுளித்து, எட்டி நின்று, தூக்கிப் போட்டுக் கொடுத்தவனும் எமன் கணக்கில்தான் வருகிறான். நாவிதர் வீட்டுப் பெண்களே ஊருக்கு மருத்துவச்சிகளாகவும், நாவிதரே பல இடங்களில் வைத்தியராகவும் இருந்தார்கள். ஆக, பட்டியலில் மூன்று பேர் ஒரே குடும்பத்தவராகவே இருக்கலாம். பிள்ளையை முதலில் கையில் ஏந்தியவளுக்குத் திண்ணையில் உட்கார இடம் தராத ஊரில், இந்த ஒரு சொல்லுக்கு நிறைய கனம் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காம் அடி. உலகநீதி திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்யவைக்கப்பட்ட நூல். அந்த வாத்தியாருக்கு அரசுச் சம்பளம் கிடையாது. பெற்றோர் கொடுக்கும் நெல்லும் காசும்தான். அவர் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறார்: 'சகலகலை ஓதுவித்த வாத்தியார் கூலி'. பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சத்தமாக ஒப்புவிக்கிறது. பாக்கி வைத்திருக்கும் அப்பா உள்ளே உட்கார்ந்து கேட்கிறார். புலவர் இதை எண்ணித்தான் எழுதினாரா என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் எத்தனை வாத்தியார்கள் இந்த அடியைக் கூடுதலாக இரண்டு முறை சொல்லவைத்திருப்பார்கள்!

குறையும் உண்டு. வயலில் இறங்கி நட்டு அறுத்தவர்கள் இந்த ஐந்தில் இல்லை. அந்த ஊரில் கூலி அதிகம் ஏமாற்றப்பட்டது அவர்களுக்குத்தான் என்றிருக்க, புலவர் கண் களத்துமேடு வரை வந்து நின்றுவிட்டது. எமனைக் கூப்பிட்டதும் ஒருவகையில் தோல்விதான்; கேட்க நாதியில்லாத இடத்தில்தான் எமன் பேர் எடுபடும். 1936இல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்து, ஆயிரம் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஏழாம் தேதிக்குள் கூலி தர வேண்டும் என்று தேதி குறித்தது. அப்போதும் வீட்டு வேலை செய்யும் பெண் அதற்குள் வரவில்லை.

இப்போது உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். அது பொய்யான தயக்கம் இல்லை. 'வண்ணான்', 'நாவிதன்' என்று ஒரு பிள்ளை மேடையில் சொல்ல, கீழே சிரிப்பு எழ, அந்தக் குடும்பத்துப் பிள்ளை தலைகுனிந்து உட்காருவது நடக்கக்கூடியதுதான். ஆனால் பாட்டை வெட்டினால் அந்தச் சிரிப்பு நிற்கப்போவதில்லை, வேறிடத்தில் கேட்கும். பாட்டில் தலைகுனிய வேண்டியவன் யார் என்று போட்டிக்கு முன்பே வகுப்பில் சொல்லுங்கள். கூலி கொடாதவன் ஒருவன்தான் அங்கே குற்றவாளி. வாத்தியாருக்கும் வண்ணானுக்கும் ஒரே 'கூலி'தான் போட்டிருக்கிறார் என்பதைக் காட்டுங்கள். அரசுப் பள்ளிப் பகுதிநேர ஆசிரியர்கள் மே மாதச் சம்பளம் கேட்டு எத்தனை வருடம் குரல் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பிள்ளைகளுக்குப் பாட்டு பழையதாகத் தெரியாது.

அடுத்த போட்டித் தாளில் பதினொன்று இருக்கட்டும். அன்றைக்கு மைக்செட் கட்டுபவருக்கும், மண்டபம் கூட்டும் அம்மாவுக்கும், 'பில் பாஸாகட்டும்' என்று சொல்லாமல், பரிசளிப்பு முடிவதற்குள் பணம் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் கையில், ஒரு நல்ல வார்த்தையோடு.

இப்படிக்கு,
போட்டிக்குப் பிள்ளையை அழைத்து வரும் ஒரு தகப்பன்