பணம் திருப்பித் தர்றோம்னு முதல் மெயில்ல எப்படிச் சொல்றது

மச்சி,

உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, பதில் போட லேட்டானதுக்கு மன்னிச்சுக்கோடா. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் வாக்கர் இல்லாம நடக்க ஆரம்பிச்சிருக்காங்க, உன்னையும் விசாரிச்சாங்க. நீ வேலைய விட்டுட்டு சொந்தமா பில் மேட்சிங் சர்வீஸ் ஆரம்பிச்சேன்னு சொன்னதும் அவங்களுக்கும் ரொம்ப சந்தோஷம்.

முன்பின் தெரியாத கம்பெனிகளுக்கு அனுப்பப் போறேன்னு ஒரு டிராஃப்ட் வச்சிருந்தல்ல, அத மூணு தடவ படிச்சேன். சப்ளையர் பில்லையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் ஒத்துப் பாத்துத் தர்றேன்னு சொல்ற இடம் நல்லா தெளிவா இருக்கு. கடைசி பாராதான் எனக்கு உறுத்துது. "100% மணி பேக் கேரண்டி! எந்தக் கேள்வியும் கேக்க மாட்டோம்! ஒரு மாசம் ஃப்ரீயா யூஸ் பண்ணிப் பாருங்க, பிடிக்கலன்னா முழுப் பணமும் வாபஸ், உங்களுக்கு ரிஸ்க்கே இல்ல!"னு எழுதிருக்க. முதல் மாசம் ஃப்ரீன்னா அப்புறம் எந்தப் பணத்தத் திருப்பித் தரப் போற? படிக்கிறவனுக்கு இந்தக் கேள்விதான் முதல்ல வரும். ரெண்டு சலுகைய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினதால ரெண்டுமே நம்புற மாதிரி இல்லாம போயிடுச்சு.

அதவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. உன் மெயிலப் படிக்கிற அக்கவுன்ட்ஸ் மேனேஜர் அந்த நிமிஷத்துல பணத்தப் பத்தி யோசிக்கவே இல்ல, நீ ரேட்டே சொல்லலயே. இவன் யாரு, இவன்கிட்ட பேங்க் ஸ்டேட்மென்ட்ட எப்படிக் குடுக்கிறது, குடுத்து ஏதாவது குழப்பமாச்சுன்னா முதலாளிகிட்ட நான்தானே பதில் சொல்லணும், சொல்லிக் குடுக்கவே பாதி நாள் போயிடுமே, இதுதான் அவர் பயம். மணி பேக் இதுல எதுக்குமே பதில் இல்ல. அவர் கேக்காத ஒண்ணுக்கு நீ மூணு ஆச்சரியக்குறி போட்டு பதில் சொல்லும்போதுதான் அது கெஞ்சுற மாதிரி தெரியுது.

அதனால உன் ட்ரையல அவரோட நிஜ பயத்துக்கு ஏத்த மாதிரி மாத்துன்னு சொல்றேன். நடக்குற மாசத்தக் கேக்காத, அவங்க ஏற்கனவே கணக்கு முடிச்ச பழைய மாசம் ஒண்ணக் கேளு. அக்கவுன்ட் நம்பர மறைச்சுட்டே அனுப்பச் சொல்லு, தேதியும் தொகையும் பில் நம்பரும் இருந்தா உனக்குப் போதும்தானே. முடிச்ச மாசம்னா சரியான விடை அவர் கையிலயே இருக்கும், உன் ரிசல்ட்ட பக்கத்துல வச்சுப் பாத்தா பத்து நிமிஷத்துல உன் வேலை எப்படின்னு தெரிஞ்சிடும், நீ தப்புப் பண்ணியிருந்தாலும் அவங்க கணக்குக்கு ஒண்ணும் ஆகாது.

இப்படி எழுதிப் பாரு:

"நீங்க ஏற்கனவே முடிச்ச ஒரு மாசத்தோட பில்லும் ஸ்டேட்மென்ட்டும், அக்கவுன்ட் நம்பர மறைச்சு, 400 பில் வரைக்கும் அனுப்பினா 5 வேலை நாள்ல ஒத்துப் பாத்து அனுப்புறேன், இதுக்குக் கட்டணம் இல்ல, கார்டு விவரமும் வேண்டாம். உங்க கணக்கோட ஒப்பிட்டுப் பாத்து சரின்னு பட்டா மட்டும் மேல பேசலாம். வேலைய ஆரம்பிச்சா, முதல் ரிப்போர்ட் உங்க கைக்கு வந்து 30 நாளுக்குள்ள வேண்டாம்னு ஒரு மெயில் போட்டா போதும், முதல் மாசக் கட்டணம் முழுசா 7 வேலை நாள்ல திரும்ப வரும். ரெண்டாவது மாசத்துலேர்ந்து ரீஃபண்ட் கிடையாது, ஆனா எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்."

30 நாள்னு சும்மா விட்டா எதுலேர்ந்து எண்ணுறதுன்னு சண்டை வரும். பணம் கட்டின நாள்லேர்ந்துன்னு வச்சா, நீ செட்டப் பண்ணவே 12 நாள் ஆகும்னு சொன்ன, அப்ப அவருக்கு நிஜமா கிடைக்கிறது 18 நாள்தான். ரிப்போர்ட் கைக்கு வந்த நாள்லேர்ந்து எண்ணுறதுதான் நியாயம். "ரெண்டாவது மாசத்துலேர்ந்து கிடையாது"ன்னு முதல் மெயில்லயே எதுக்குப் போடணும்னு நீ கேப்ப. ஒரு நிபந்தனை பின்னாடி தெரிய வந்தா அவர் "அட, இத முன்னாடியே சொல்லலயே"ன்னு நினைப்பாரா? அப்படின்னா அது முதல் மெயில்லயே இருக்கணும், மத்த சின்னச் சின்ன விவரமெல்லாம் ரெண்டாவது மெயிலுக்கு விட்டுடலாம். எங்க முடியுதுன்னு சொன்னா வாக்குறுதி நிதானமா, நம்புற மாதிரி நிக்கும்.

நான் இதுல அடிபட்டிருக்கேன்டா. ஆரம்பத்துல "திருப்தி இல்லன்னா பணம் வாபஸ்"னு மட்டும் எழுதி அனுப்பினேன், கெடுவே போடல. ஒரு கஸ்டமர் மூணு மாசம் வேலை வாங்கிட்டு மொத்தத்தையும் திருப்பிக் கேட்டார். நான் எழுதினது அப்படித்தான் இருந்துச்சு, அதனால குடுத்துட்டேன். அமெரிக்காவுல நுகர்வோர் பாதுகாப்பப் பாத்துக்கிற அரசு அமைப்பான எஃப்டிசி வச்சிருக்கிற வழிகாட்டுதலும் (16 CFR Part 239) இதத்தான் சொல்லுது: மணி பேக் கேரண்டின்னு விளம்பரம் பண்ணினா கேட்டவங்களுக்கு முழு விலையையும் திருப்பித் தரத் தயாரா இருக்கணும், முக்கியமான வரம்பு ஏதாவது இருந்தா அதத் தெளிவா சொல்லணும். நீ வேற ஊர்ல இருந்தாலும் அளவுகோலா வச்சுக்க நல்லது.

"எந்தக் கேள்வியும் கேக்க மாட்டோம்"ங்கிறத எடுத்துடு. ஏன் நிறுத்தினாங்கன்னு நீ கண்டிப்பா கேப்ப, கேக்கவும் வேணும், அப்பதான் கத்துக்க முடியும். காரணம் சொன்னாத்தான் பணம்னு இல்லாம இருந்தா சரி. அதே மாதிரி "பிழையே வராது"ங்கிற மாதிரி ரிசல்ட்டுக்கு வாக்குக் குடுக்காத. அவங்க பாதி பில்ல அனுப்ப மறந்தா மேட்ச் ஆகாது, அது உன் கையில இல்ல. 5 வேலை நாள்ல தருவேன்ங்கிறது உன் கையில இருக்கு, அதுக்கு வாக்குக் குடு.

ஃபாலோ அப் மெயில்ல ஒரு தப்பு பண்ணாத, இது நிறைய பேர் பண்றது. பதில் வரலன்னு ரெண்டாவது மெயில்ல 30 நாள 60 ஆக்கி, மூணாவதுல இன்னும் ஒரு மாசம் ஃப்ரீன்னு சேப்பாங்க. சும்மா இருந்தாலே சலுகை ஏறுதுன்னு அவருக்குப் புரிஞ்சிடும், முதல்ல சொன்னது உன் நிஜமான நிபந்தனை இல்லன்னும் புரிஞ்சிடும். நிபந்தனை அப்படியே இருக்கட்டும், ரெண்டாவது மெயில்ல வேற உபயோகமான விஷயம் சொல்லு, உதாரணத்துக்கு ஒரே பில்லுக்கு ரெண்டு தடவ பணம் போனத ஸ்டேட்மென்ட்ல எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு நாலு வரி.

அனுப்புறதுக்கு முன்னாடி கணக்கப் போட்டுப் பாத்துடு. 400 பில் ஒத்துப் பாக்க உனக்கு 5 மணி நேரம் ஆகும்னா, ஒரே வாரத்துல 8 பேர் சரின்னு சொன்னா 40 மணி நேரம், அந்த வாரம் வேற வேலையே பாக்க முடியாது. அதனால ஒரு வாரத்துல எத்தன பேருக்கு மெயில் போடறதுன்னு நீயே குறைச்சுக்கோ. ரீஃபண்ட் குடுக்கும்போது பல பேமென்ட் கேட்வே முதல்ல எடுத்த கமிஷனத் திருப்பித் தராது, அது உன் கைய விட்டுப் போற காசு, உன்னோடத ஒருதடவ செக் பண்ணு. பத்துக்கு ரெண்டு பேர் திருப்பிக் கேட்டாலும் தாங்குமான்னு பாரு. தாங்காதுன்னா ரீஃபண்ட் வரிய எடுத்துட்டு அந்தப் பழைய மாச ட்ரையல் மட்டும் வை, அதுவே நல்லா நிக்கும்.

திருத்தினத எனக்கு அனுப்பு, ஞாயித்துக்கிழம உக்காந்து படிக்கிறேன். பாப்பாவுக்கு காய்ச்சல்னு எழுதிருந்த, இப்ப எப்படி இருக்கா? அதையும் மறக்காம எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்மேட்