உள்ளங்கை மஞ்சளானால் வைட்டமின் ஏ நிறைந்துவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உடல்நலப் பக்கத்தில், தினமும் வெறும் வயிற்றில் கேரட் ஜூஸ் குடித்தால் வைட்டமின் ஏ பற்றிக் கவலையே வேண்டாம் என்றும், உள்ளங்கை மஞ்சளித்தால் அந்தச் சத்து நிறைந்துவிட்டதற்கு அடையாளம் என்றும் எழுதியிருந்தது. கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகிவிட்டன. மஞ்சள் காமாலை என்று பயந்து வீட்டார் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். கண்ணைப் பார்த்தேன், வெள்ளைவிழி பளிச்சென்று இருந்தது. காமாலையில் முதலில் மஞ்சளாவது அந்த இடம்தான். காமாலையில் ரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிரூபினும் பரிசோதனையில் சரியாகவே இருந்தது. பல மாதமாகக் குடித்த கேரட் ஜூஸின் நிறம் தோலில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஆபத்தில்லை. ஆனால் உங்கள் இதழைப் படித்ததும் அவர், "டீச்சர், எனக்குச் சத்து ஏறிட்டு" என்று சந்தோஷப்பட்டார். அது அப்படியில்லை.

கேரட்டில் இருப்பது வைட்டமின் ஏ அல்ல, பீட்டா கரோட்டின். அது கொழுப்பில்தான் கரையும். சாப்பாட்டில் கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ இருந்தால்தான் பித்தநீர் போதுமான அளவு சுரந்து, கரோட்டினை மிக நுண்ணிய துளிகளாக்கிச் சிறுகுடல் சுவரின் செல்களுக்குள் கொண்டுசேர்க்கும். அங்கே பிசிஓ1 என்ற நொதி அந்த நீண்ட மூலக்கூறைச் சரியாக நடுவில் வெட்டுகிறது. இரண்டு பாதியும் ரெட்டினல். பிறகு அது வைட்டமின் ஏ-யாக மாறி, ஒரு கொழுப்பு அமிலத்தோடு இணைந்து, நிணநீர் வழியாக ரத்தத்துக்கும் கல்லீரலுக்கும் போகிறது. வெட்டுப்படாத கரோட்டின் அப்படியே ரத்தத்தில் சுற்றித் தோலில் படிகிறது. அதாவது, உள்ளங்கையில் தெரியும் மஞ்சள் வைட்டமின் ஏ-யாக மாறாமல் மிஞ்சிய பங்கு. எவ்வளவு மாறியது என்பதை அது சொல்லாது.

கணக்குப்படி ஒரு கரோட்டினிலிருந்து இரண்டு ரெட்டினல் கிடைக்க வேண்டும். நடப்பில் அப்படிக் கிடைப்பதில்லை. எண்ணெயில் கரைத்த கரோட்டின் 2 மைக்ரோகிராமுக்கு 1 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ என்றும், காய் கீரையில் இருக்கும் கரோட்டின் 12 மைக்ரோகிராமுக்கு 1 என்றும் அமெரிக்க ஊட்டச்சத்துக் குழு 2001-இல் சராசரி வகுத்தது. அதன்படி 6,000 மைக்ரோகிராம் கரோட்டின் உள்ள ஒரு தட்டுக் காயிலிருந்து 500 தேறும். இதுவும் சராசரிதான்.

ஆளுக்கு ஆள் வேறுபடுவதற்கு முக்கியமான ஒரு காரணம் அந்த நொதிக்கான மரபணு. அதில் இரண்டு இடங்களில் எழுத்து மாற்றம் பலருக்கு உண்டு. 2009-இல் இங்கிலாந்தில் இளம்பெண்களுக்குக் கரோட்டின் கொடுத்துச் சோதித்தபோது, இரண்டு மாற்றங்களும் சேர்ந்திருந்தவர்களின் மாற்றும் திறன் 69 சதவீதம் குறைவாக இருந்தது. மேலே சொன்ன 500-ஐ இந்த விகிதத்தில் குறைத்தால் சுமார் 155. ஒரே சமையல், ஒரே பந்தி, ஆனால் பலன் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தோராயக் கணக்குதான், ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று புரியும். இந்த நொதி பழுதான ஒருவருக்கு ரத்தத்தில் கரோட்டின் மிக அதிகமாகவும் வைட்டமின் ஏ குறைவாகவும் இருந்தது 2007-இல் பதிவாகியிருக்கிறது. அது மிக அபூர்வம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் உள்ளங்கை மஞ்சளிக்கலாம்.

இன்னொரு காரணம், உடலே போடும் கட்டுப்பாடு. வைட்டமின் ஏ போதுமான அளவு இருந்தால், குடல் செல் கரோட்டினை உள்ளே எடுப்பதையும் வெட்டுவதையும் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் காய்கறியால் வைட்டமின் ஏ நஞ்சாவதில்லை. மாத்திரைக்கு இந்தக் காவல் கிடையாது, கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

வெறும் வயிற்று ஜூஸைவிட நம்ம ஊர்ச் சொதியே மேல் என்பேன். கேரட் வெந்திருக்கிறது, தேங்காய்ப்பாலில் கொழுப்பும் இருக்கிறது. தேங்காய்த் துருவல் போட்ட முருங்கைக்கீரைப் பொரியலும் அப்படியே. முட்டை மஞ்சள்கரு, பால், நெய், ஈரல் ஆகியவற்றில் வைட்டமின் ஏ நேரடியாகவே இருப்பதால் அந்த நொதியின் தயவு தேவையில்லை. இவை எதையும் தொடாமல் காய் கீரையை மட்டும் நம்பியிருப்பவருக்குத்தான் மாற்றும் திறன் குறைந்தால் இடிக்கும். அந்தி மங்கியதும் கண் தெரியாமல் தடுமாறுகிறவர்கள், கை மஞ்சளாக இருக்கிறதே என்று இருந்துவிடாமல் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் உள்ளங்கை பற்றிய அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை