கொள்ளிடத்துத் தண்ணீரும் மூன்று புள்ளிகளும்

அன்புள்ள சேகர்,

கொள்ளிடத்து நீரைக் கதவணைகளில் தேக்கச் சொல்லும் அந்த நீர் நிபுணரின் கட்டுரைக்கு நீ எழுதி அனுப்பிய மறுப்பைப் படித்தேன். இங்கே திருவையாற்றில் குறுவை அறுப்பு. ஆளும் கிடைக்கவில்லை, மெஷினும் கிடைக்கவில்லை. அந்தப் புலம்பல் அப்புறம்.

‘கொள்ளிடத்துத் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கடலுக்குப் போகக்கூடாது என்கிறார்’ என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறாய். அதற்குச் சான்றாக ‘...நீரைக் கதவணைகளில் தேக்க வேண்டும்’ என்று மேற்கோள் போட்டிருக்கிறாய். அவர் கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். முழு வாக்கியம் இது: ‘முகத்துவாரத்துக்கு வேண்டியது போக, வெள்ள நாட்களில் மிஞ்சும் நீரைக் கதவணைகளில் தேக்க வேண்டும்.’ நீ மூன்று புள்ளி வைத்த இடத்தில்தான் அவருடைய நிபந்தனையே இருக்கிறது. அவர் ஆட்கள் அந்த ஒரு வரியைக் காட்டினால் போதும், உன் மற்ற வாதத்தை யாரும் படிக்க மாட்டார்கள்.

முழு வாக்கியத்தையும் போடு. போட்டால் உனக்குத்தான் லாபம். ‘முகத்துவாரத்துக்கு வேண்டியது’ எவ்வளவு என்று அவர் எங்குமே சொல்லவில்லை. அதைக் கேள். அப்புறம் வெள்ளக் கணக்குக்கு வா. வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டி.எம்.சி. மேட்டூரின் மொத்தக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான். கொள்ளிடத்தில் இரண்டு லட்சம் கன அடி போகிற நாளில் கதவணையின் ஷட்டர்களைத் தூக்கித்தான் ஆக வேண்டும். ஆற்றுக்குள் நிறுத்தி வைக்கிற தண்ணீர் அதற்கு முன்னால் சொற்பம். ‘வெள்ள நாட்களில்’ என்று அவரே சொன்ன பிறகுதான் இந்தக் கணக்கு அவர் மேல் ஒட்டும். நீ வெட்டிய வடிவத்தில் ஒட்டாது.

இன்னொன்று. கதவணை கடல்நீர் மேலேறுவதைத் தடுக்கும், நிலத்தடி நீரை ஏற்றும் என்று அவர் ஒரு பத்தி எழுதியிருக்கிறார். அவருடைய பலமான இடம் அதுதான். நீ அதைத் தொடவே இல்லை. பழையாறு பக்கம் உப்புத் தண்ணீரில் அவதிப்படுகிறவர்கள் உன்னைப் படித்தால் முதலில் அதைத்தான் தேடுவார்கள். அணைக்கு மேலே இருக்கிறவர்களுக்கு அது சரிதான் என்று ஒப்புக்கொள். அணைக்குக் கீழே, நன்னீர் வரத்து குறைந்தால் பிச்சாவரம் அலையாத்திக்கும் கழிமுக மீனுக்கும் என்ன ஆகும் என்பதை அதன்பின் எழுது. நீ சொல்ல வந்ததே அதுதானே?

‘ஒரு நீர் நிபுணர்’ என்று பூடகமாக எழுதாதே. பெயரைப் போடு, கட்டுரையின் சுட்டியை முதல் பத்தியிலேயே கொடு. அவருடைய முகப்புக்குச் சுட்டி கொடுத்தால் வாசகர் தேடி அலைவார், அந்தக் கட்டுரைக்கே கொடு. அவர் பின்னால் திருத்தலாம் என்பதால் நீ எடுத்தாண்ட தேதியையும் குறித்துவிடு. ‘அரைவேக்காடு’ என்ற சொல்லை நான் அடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

திருத்தியதை எனக்கு அனுப்பும்போதே அவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடு. பதில் சொன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ராமு