நகை ஒளிர்ந்தால் ஒட்டுவேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'போலிப் படத்தைப் பிடிப்பது எப்படி' என்ற கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு வரி: "ஈ.எல்.ஏ. சோதனையில் வெளிச்சமாகத் தெரியும் இடம் ஒட்டியது, இருட்டாகத் தெரியும் இடம் அசல். ஐந்து நிமிட வேலை." ஈ.எல்.ஏ. என்றால் எர்ரர் லெவல் அனாலிசிஸ்: படத்தை மறுபடி சேமித்து, எந்த இடம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும் சோதனை. முப்பத்தைந்து வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். இந்த ஐந்து நிமிட வேலையால் என் ஐந்து நாள் போயிற்று. அதனால்தான் எழுதுகிறேன்.

இதழ் வந்த மூன்றாம் நாள், இரண்டு வருடத்துக்கு முன் நான் எடுத்த ஒரு கல்யாணத்தின் பெண்ணுடைய சித்தப்பா போன் செய்தார். "அண்ணே, பொண்ணு கழுத்துல இருக்கற நகையெல்லாம் நீங்க கம்ப்யூட்டர்ல ஒட்டினதாமே?" மாப்பிள்ளை வீட்டில் யாரோ ஒரு பிள்ளை உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, ஆல்பம் படத்தை இணையத்தில் போட்டு ஈ.எல்.ஏ. பார்த்திருக்கிறான். ஆரமும் ஒட்டியாணமும் புடவைச் சரிகையும் பளீரென்று வெள்ளையாக எரிந்திருக்கின்றன. முகமும் சுவரும் இருட்டு. ஆகவே பெண் அசல், நகை போலி! போட்டதாகச் சொன்ன பவுன் எங்கே என்று பேச்சு வளர்ந்துவிட்டது. நான் பழைய மெமரி கார்டைத் தேடி எடுத்து, கேமராவில் வைத்தே காட்டிய பிறகுதான் அடங்கினார்கள். காபி கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கம் ஏன் எரிந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையாளருக்காகச் சொல்கிறேன். ஜேபெக்காகச் சேமிக்கும்போது படம் 8க்கு 8 புள்ளி கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள நுணுக்கங்கள் எண்களாகி, வகுபட்டு, முழு எண்ணாகத் திருத்தப்படுகின்றன. அந்தத் திருத்தத்தில்தான் இழப்பு. ஈ.எல்.ஏ. செய்வது இவ்வளவுதான்: படத்தைத் தெரிந்த ஒரு தரத்தில், பெரும்பாலும் நூற்றுக்கு 90 அல்லது 95இல், இன்னொரு முறை சேமிக்கிறது, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்து எடுக்கிறது, அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது என்பதால் பல மடங்கு பெருக்கிக் காட்டுகிறது.

துணி பிழிவது போல நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நன்றாகப் பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் சொட்டுத் தண்ணீர்தான் வரும், அது இருட்டு. இன்னும் பிழியாததை முறுக்கினால் கொட்டும், அது வெளிச்சம். இரண்டு வேறு படங்களிலிருந்து எடுத்துச் சேர்த்தால், ஒன்று நாலு முறை பிழிந்ததாகவும் மற்றது ஒரு முறை பிழிந்ததாகவும் இருக்கும். அந்த வேறுபாடு காட்டிக்கொடுக்கும். இதில் நிஜம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் கர்ச்சீப்பையும் ஜமுக்காளத்தையும் ஒரே மாதிரி பிழிந்தாலும் வருகிற தண்ணீர் ஒன்றாகுமா? வெறும் சுவர் கர்ச்சீப். கல் வைத்த ஆரமும் சரிகையும் ஜமுக்காளம். கூர்மையான விளிம்பும் நுணுக்கமும் உள்ள இடமெல்லாம், ஒட்டாவிட்டாலும் எரியும். படத்தின் மேல் அடித்த எழுத்தும் எரியும். ஆகவே முகத்தை முகத்தோடும், வெள்ளைச் சட்டையை வெள்ளைச் சட்டையோடும், விளிம்பை விளிம்போடும்தான் ஒப்பிட வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு இடம் வேறு வேறு அளவில் ஒளிர்ந்தால் அப்புறம் சந்தேகப்படலாம். இந்த ஒரு வாக்கியம் கட்டுரையில் இல்லை. அதற்கு இடமில்லாமல் போயிற்றோ என்னவோ. அதே பக்கத்தில் குக்கர் விளம்பரம் அரைப் பக்கம் இருந்தது.

வெறும் வாயால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நானே ஒரு 'போலி' செய்திருக்கிறேன். எங்கள் தொழிலில் அதற்கு மிக்ஸிங் என்று பெயர். இறந்துபோன அப்பாவைக் குடும்பப் படத்தில் நிற்க வைத்துத் தருவோம். யாரையும் ஏமாற்ற அல்ல, சுவரில் மாட்ட. (ஃபோட்டோஷாப் என்றாலே பித்தலாட்டம் என்று உங்கள் இதழ் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த வீடுகள்தான் ஞாபகம் வரும்.) அப்படி ஒரு படத்தின் கோப்பு என்னிடம் இருந்தது. போனில் எடுத்த குடும்பப் படம், நல்ல தரம். அப்பா மட்டும் பழைய சில்க் பேப்பர் பிரிண்டிலிருந்து ஸ்கேன் செய்தவர். அந்தக் காலத்தில் இடம் மிச்சம் பிடிக்க மிகக் குறைந்த தரத்தில் சேமித்திருந்தேன். உயரம் சரிவர ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாக்கி ஒட்டியிருந்தேன்.

அந்தக் கோப்புக்கு 95இல் ஈ.எல்.ஏ. பார்த்தேன். மகனின் வெள்ளைச் சட்டை மடிப்புகளில் சின்னச் சின்னப் பொறிகள். அப்பாவின் வெள்ளைச் சட்டை கரி மாதிரி இருட்டு. ஏற்கெனவே பிழிந்தது, மேலும் பெரிதாக்கியதில் நுணுக்கமே இல்லாமல் மழுங்கியது. உற்றுப் பார்த்தால் 8 புள்ளிக் கட்டம் 16 புள்ளியாக வீங்கிச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. கவனியுங்கள்: இங்கே ஒட்டியவர் இருட்டு, அசல் ஆட்கள் வெளிச்சம்! கட்டுரையின் விதிப்படி, இறந்தவர்தான் நேரில் வந்து நின்றிருக்கிறார், பிள்ளைகளை ஒட்டியிருக்கிறேன்.

அடுத்தது நாய்ஸ். ஃபிலிம் காலத்தில் கிரெயின் என்போம். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் போன் எடுத்த படத்தில் ஒரு மாதிரிப் பொடி இருக்கும். ஸ்கேன் செய்த பிரிண்டில் காகிதத்தின் சொரசொரப்பு இருக்கும். படத்தை லேசாக மழுக்கி, அதை அசலிலிருந்து கழித்து, மிச்சத்தைப் பெருக்கினால் இந்தப் பொடி மட்டும் தனியே நிற்கும். இதை மறைக்க நாங்கள் ஒட்டிய ஆள்மேல் 'ஆட் நாய்ஸ்' தூவுவது வழக்கம். கண்ணுக்கு ஒன்றிவிடும். ஆனால் தூவியது கறுப்பு முடியிலும் வெள்ளைச் சட்டையிலும் ஒரே சீராக, ரவை தூவிய மாதிரி விழும். கேமராவின் பொடி அப்படி இராது. வெளிச்சத்துக்குத் தகுந்தபடி அளவு மாறும், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றையொன்று ஒட்டித் திட்டுத் திட்டாக இருக்கும். இங்கும் நிழலை நிழலோடுதான் ஒப்பிட வேண்டும். அப்பாவின் மேல் நாய்ஸ் தூவிய பிறகு மறுபடி ஈ.எல்.ஏ. பார்த்தேன். இப்போது குடும்பத்திலேயே அவர்தான் அதிகப் பிரகாசம். அரை மணி நேரத்தில் அதே ஒட்டுவேலை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

கடைசியாக அதே படத்தை என் மனைவியின் போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்ப வாங்கினேன். அது முழுப் படத்தையும் சிறிதாக்கி, ஒரே அடியாகப் பிழிந்துவிடுகிறது. ஈ.எல்.ஏ.வில் அப்பாவும் மகனும் ஒரே அளவு. தூவிய ரவையில் பெரும்பகுதி காணோம். பளீரென்று மிச்சம் நின்றது மருமகளின் சரிகை மட்டும். கட்டுரையில் அச்சிட்டிருந்த உதாரணப் படத்தின் கீழே 'வாட்ஸ்அப்பில் வந்தது' என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். அதில் ஈ.எல்.ஏ. என்னத்தைக் கண்டது?

உங்கள் கட்டுரையாளர் மலேசிய விமானம் MH17 விவகாரத்தை வெற்றிக் கதையாக எழுதியிருக்கிறார். 2014 ஜூலையில் கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானம் அது. விழுந்த நாலாம் நாள் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம், பழி உக்ரைன் மேல் என்று காட்டச் செயற்கைக்கோள் படங்களை வெளியிட்டது. 2015 மே மாதக் கடைசியில், இணையத்தில் கிடைக்கும் படங்களை வைத்துத் துப்பறியும் பெல்லிங்கேட் குழு அவற்றை ஈ.எல்.ஏ. பார்த்து, மேகங்கள் சேர்க்கப்பட்டவை என்றது. அதுவரை எழுதியவர், அப்புறம் நடந்ததை விட்டுவிட்டார். இந்த முறையை 2007இல் பிரபலப்படுத்திய நீல் கிராவெட்ஸே, படத்தை இப்படி ஆராயக் கூடாது என்றார். வழவழப்பான மேகமும் கரடுமுரடான நிலமும் ஈ.எல்.ஏ.வில் வேறுபடுவது இயல்பு. அதோடு கையில் இருந்தது பலமுறை சேமித்த பிரதி. படத்தின் தேதி பொய் என்பதற்கு அந்தக் குழு கூகுள் எர்த்தின் பழைய படங்களோடு செடி கொடியையும் மண்ணையும் ஒப்பிட்டுக் காட்டியது தனி விஷயம், அது வலுவானது. முடிவு சரியாகவே இருந்தாலும், காட்டிய சாட்சி நிற்காமல் போகலாம். அந்தக் குழு சொன்னதைச் செய்தியாகப் போட்ட ஜெர்மனியின் டெர் ஸ்பீகல் பத்திரிகை, அதைத் தான் முதலில் வெளியிட்ட விதம் சரியில்லை என்று வாசகர்களிடம் ஒப்புக்கொண்டது. அந்தப் பத்திரிகைக்குக் கௌரவம் ஒன்றும் குறையவில்லை.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். பல வருடத்துக்கு முன் ஒரு புகைப்படப் போட்டியில் என் தேர்ப் படத்தை 'ஒட்டுவேலை' என்று திருப்பி அனுப்பினார்கள். வானம் ஒரே சீராக இருக்கிறதாம், கோபுரத்தில் மட்டும் கிரெயின் தெரிகிறதாம். நெகட்டிவைக் கொண்டு போய் நீட்டினேன். நடுவர் சாப்பிடப் போயிருந்தார். அதே படம் பிறகு உங்கள் தீபாவளி மலரில் வந்தது, என் பெயர் இல்லாமல். நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. போலி என்றால் என் பெயர் வேண்டியிருக்கிறது, அசல் என்றால் யாருடையதோ படம். சரி, அதை விடுங்கள்.

இப்போது கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த இதழில், அந்த வரி தவறு என்று அதே எழுத்து அளவில் ஒரு திருத்தம் போடுங்கள். இனி ஈ.எல்.ஏ. படம் அச்சிட்டால் பக்கத்திலேயே மூலப் படத்தையும் போட்டு, எந்தத் தரத்தில் சேமித்துப் பார்த்தது, கோப்பு எந்த வழியாகக் கைக்கு வந்தது என்று ஒரு வரி சேருங்கள். திருத்தம் வந்த இதழில் இரண்டு பிரதி எனக்கு வேண்டும். ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு.

இப்படிக்கு,
பழைய ஸ்டுடியோக்காரன்,
திண்டுக்கல்